பாதிப் பாதி

ஈ விஷயத்தில் என் கணவர் கரைத்துக் குடித்தவர். கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் உண்மை. அழுகின பழத்தைச் சுற்றுமே, சிவப்புக் கண்ணோடு ஒரு பொடி ஈ, அதன் பரம்பரையைப் பத்துத் தலைமுறைக்கு மனப்பாடமாகச் சொல்லுவார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு 'ஈ சார்' என்று பெயர். அதே தாழ்வாரத்தின் கடைசி அறையில் அவருடைய அக்கா, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் உருளைப்புழுக்களை வட்டத் தட்டுகளில் வளர்க்கிறார். அவர் 'புழு மேடம்', எனக்கு அண்ணி. இப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடப் பழகினவர்களுக்கு உலகத்தில் எதுவும் குமட்டாது.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினார்கள். அதில் ஒரு அத்தியாயத்துக்கு நான் வரைந்த படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். விஷயம் இதுதான். பெண்ணுக்கு X குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஒன்றில் இருக்கும் மரபணுக்கள் ஒரு பங்கு சரக்குச் செய்தால், இரண்டில் இருப்பவை இரண்டு பங்கு செய்யும். அந்த வித்தியாசத்தை உடம்பு தாங்காது. ஆகவே எங்கேயோ ஈடுகட்டியாக வேண்டும். எப்படி ஈடுகட்டுவது என்பதில் உயிர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

எனக்குப் புரிவதற்காக நான் அதை அடுப்பாக மாற்றிக்கொண்டேன். ஆண் வீட்டில் ஒரு அடுப்பு, பெண் வீட்டில் இரண்டு அடுப்பு. இரண்டு வீட்டிலும் ஒரே அளவு சமையல் ஆக வேண்டும். ஈயின் வழி, ஆண் தன் ஒற்றை அடுப்பை இரண்டு மடங்கு எரியவிடுவது. அதற்கென்றே ஒரு புரதக் கூட்டம் ஆணின் X மேல் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகிறது; பெண்ணின் இரண்டும் வழக்கம்போல எரிகின்றன. புழுவில் ஆணுக்கு ஒரு X. இரண்டு X உள்ளது ஆணும் பெண்ணும் ஒன்றான இருபாலி. அது தன் இரண்டு அடுப்புகளையும் பாதியாகத் தணித்துவிடுகிறது. அங்கேயும் ஒரு புரதக் கூட்டம், ஆனால் அது இரண்டு X-ஐயும் இறுக்கிக் கட்டி அடக்குகிறது. பூனை, எலி, மனிதர் எல்லாம் வேறு கட்சி. பெண் தன் அடுப்பு ஒன்றை அடியோடு அணைத்துவிடுகிறாள். அணைகிற X தானே ஒரு ஆர்.என்.ஏ.வை உண்டாக்கித் தன்மேல் போர்த்திக்கொண்டு சுருண்டுவிடுகிறது. அதில் சில மரபணுக்கள் மட்டும் அடங்காமல் முழித்திருக்கும், மற்றதெல்லாம் உறக்கம்.

"ஈல ஆம்பளதான் பாவம். ஒத்த X-அ வெச்சுக்கிட்டு ரெண்டு ஆள் வேலை பாக்குறான்," என்றார் இவர், படம் வரைய உட்கார்ந்த அன்றைக்கு.

"ஆமாமா, பாத்தோமே. தின்ன தட்ட யாருடா கழுவினா?" என்றார் அண்ணி.

"நீங்க ரெண்டு பேரும் படத்துக்கு வாங்க. ஒவ்வொரு மிருகத்துக்கும் எத்தன செல் வரையணும்?" என்றேன் நான்.

"ஒரு மிருகத்துக்கு ஒரு செல். போதும்," என்றார் இவர். "X எல்லாம் ஒரே கலர்ல போடு. ரெண்டு கலர் போட்டா பசங்க குழம்பிடுவாங்க."

வரைந்தேன். ஈக்கு ஒரு வட்டம், புழுவுக்கு ஒரு வட்டம், மனுஷிக்கு ஒரு வட்டம். மனுஷியின் வட்டத்தில் ஒரு X கம்பியாக நிமிர்ந்து நிற்க, இன்னொன்று நூல்கண்டாகச் சுருண்டு கிடந்தது. மூன்று வட்டத்துக்குக் கீழும் ஒரே கணக்கு வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. அக்கா, தம்பி இருவருமே தட்டிக்கொடுத்தார்கள். அன்று மேசைக்குக் கீழே எங்கள் மகள் உட்கார்ந்து என் பழைய தாள்களில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பிறக்கும்போது கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி இருந்ததால் அவளைத் 'துணுக்கு' என்று கூப்பிட்டோம். மூன்று முடிந்து நான்கு நடந்துகொண்டிருந்தது அவளுக்கு. பேச ஆரம்பித்தால் வாய் மூடாது. அண்ணியைப் பார்த்து, "அத்த, உங்க புழுவுக்கு அம்மா யாரு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இன்னொன்று கேட்பாள்.

இனி என் பிறந்த வீட்டுக் கதை. எனக்கு ஒரு தம்பி பிறந்தான். நன்றாகத்தான் பிறந்தான். இரண்டாம் நாள் பால் குடிக்க மறுத்தான், மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. அம்மா வெகுநாள் தன் பாலைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். ஈரலில் ஒரு நொதி உண்டு. நாம் தின்னும் புரதம் உடைந்து வரும் அம்மோனியாவைச் சிறுநீரில் போகிற யூரியாவாக மாற்றும் வரிசையில் அதற்கு ஒரு முக்கிய வேலை. அது இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். அந்த நொதிக்கான மரபணு X-இல் இருக்கிறது. அம்மாவின் ஒரு X-இல் அது கெட்டுப்போயிருந்தது. தம்பிக்கு அந்தக் கெட்ட X கிடைத்தது; ஆண் பிள்ளைக்கு மாற்று ஏது? எனக்கும் அதே கெட்ட X-தான், ஆனால் அப்பாவிடமிருந்து வந்த நல்லது கூட இருந்தது. இதெல்லாம் நான் கர்ப்பமாக இருந்தபோது செய்த சோதனையில்தான் தெரிந்தது.

குழந்தை பெண் என்றும், அவளுக்கும் என்னுடைய கெட்ட X போயிருக்கிறது என்றும் சொன்னார்கள். மரபணு ஆலோசகர் என்று ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மெதுவாகப் பேசுகிற மனிதர், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எடுத்து வைப்பவர்.

"பொண்ணுங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பாங்க," என்றார். "ஆனா..."

"தெரியும் சார்," என்றார் என் கணவர். "நானும் ஜெனடிக்ஸ்தான்."

அவ்வளவுதான். அந்த மனிதர் சிரித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்," என்று வணக்கம் வைத்துவிட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டிருந்தார்.

வண்டியில் வரும்போது என்னைத் தேற்றினார். நல்ல மனதோடுதான் தேற்றினார், அதை நான் மறுக்கவில்லை. "எங்க பாட்டில்ல இருக்கிற பொண்ணு ஈங்கள நீ பாத்ததில்ல. ஒரு X-ல சாகடிக்கிற கோளாறு இருக்கும், இன்னொரு X நல்லா இருக்கும். ஜம்முனு இருக்கும், முட்ட போடும், எத்தன வருஷமா அந்த வம்சத்த ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஆம்பளதான் போவான்."

ஆம்பளதான் போவான். என் தம்பி போன மாதிரி. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனது. நம் வீட்டுக்காரர் படித்தவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற குளிர்ச்சி. குழந்தை பிறந்த பிறகு, தனக்குத் தெரிந்த ஒருவருடைய ஆய்வகத்தில் அவளுடைய ரத்தத்தைக் கொடுத்து, எந்த X எத்தனை செல்லில் அணைந்திருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வந்தார். கதவைத் திறந்ததும், "பாதிப் பாதி! நிம்மதியா இரு," என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

துணுக்கு வளர்ந்தாள். பழம் தின்பாள், பிஸ்கட் தின்பாள், வெறும் சோற்றைத் தின்பாள். பாலைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். முட்டை, மீன் எதையும் வாயருகே கொண்டுபோக முடியாது. மீறி ஊட்டினால் கொஞ்ச நேரத்தில் கக்கிவிட்டுச் சோர்ந்து படுத்துவிடுவாள். "உங்க ஆத்துக்காரர் மாதிரி பிடிவாதம்," என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நாங்களும் சிரித்தோம். 

அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றியது. அவளுக்கும் வந்தது. இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை வாந்தி. காய்ச்சல் விட்டிருந்தது, வாந்தி மட்டும் நிற்கவில்லை. அவள் பேச்சில் ஏதோ கோணல் இருந்தது. என்னைப் பார்த்து, "அத்த, வெளக்க அணை," என்றாள். நான் அத்தையும் இல்லை, விளக்கும் எரியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். பொறுப்பாகத்தான் பார்த்தார். வயிற்றை அமுக்கினார், கண்ணில் விளக்கடித்தார், மூச்சு ஏன் இவ்வளவு வேகமாக இருக்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு கேட்டார், "குடும்பத்துல யாருக்காவது ஏதாவது பரம்பரை நோய் இருக்கா?"

"என் தம்பி," என்றேன் நான். "பொறந்த வாரத்துலயே..."

இவர் குறுக்கே வந்தார். நொதியின் முழுப்பெயரைச் சொன்னார், அந்த டாக்டர் கல்லூரியை விட்ட பிறகு கேட்டிருக்கவே மாட்டார். "அது X-ல இருக்கிற ரிசெஸிவ். இவ பொண்ணு. வெறும் கேரியர்தான், சுமப்பா, நோய் வராது. ரத்தத்துல பாத்தாச்சு, பாதிப் பாதி. அதப் பத்திக் கவலப்பட வேண்டாம், நீங்க வாந்திய நிறுத்துங்க."

"நீங்க டாக்டரா சார்?"

"ஜெனடிக்ஸ் புரொபசர்."

அந்தப் பையன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். ஒரு வேலை குறைந்தது என்கிற நிம்மதி. எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டார். வாந்திக்கு ஊசி போட்டார், கொஞ்ச நேரம் சலைன் ஏற்றினார். சர்க்கரை சேர்ந்த நீர் ஏறியதும் அவள் சற்றுத் தெளிந்து இவர் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "பாத்தியா," என்றார் இவர். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் எழவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்பினேன், தலை தொங்கியது. அப்புறம் ஒரு பக்கக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இவர் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "துணுக்கு, அப்பாவப் பாரு, அப்பாவப் பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தத் தடவை பெரிய மருத்துவமனை. உடம்பின் ரசாயனக் கோளாறுகளை மட்டும் பார்க்கிற ஒரு மூத்த டாக்டரம்மா வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது.

"இவளுக்கு என்னென்ன சாப்பிடப் பிடிக்காது?"

"பால் பிடிக்காது. முட்டை, மீன்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். டாக்டரம்மா நர்சிடம் திரும்பி, "அம்மோனியா பாக்க ரத்தம் எடு. ஐஸ்ல வெச்சு ஓடிப் போ," என்றார். பிடிவாதம் என்று நாங்கள் சிரித்தது அத்தனையும் அந்தக் குழந்தை தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது. நாங்கள் இத்தனை பேர் சேர்ந்து செய்யாததை அந்தப் பிஞ்சு நாக்கு ஒற்றையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அளவு வந்தது. இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. புரதத்தை அடியோடு நிறுத்தினார்கள், சர்க்கரை நீரும் மருந்துகளும் ஏற்றினார்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட்டார்கள். மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள். விரலளவு கூட இல்லாத குழாய்கள்தான், ஆனாலும் அவளிடம் அவை பெரிதாகத் தெரிந்தன.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருக்க முடியாது," என்றார். "அவ பொண்ணு. ஒரு X நல்லது. நான் குடுத்தது. பாதி இருந்தாலே போதும். ரத்தத்துல பாத்தேன்."

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். அருகில் காலியான கையுறை அட்டைப்பெட்டி கிடந்தது. அதைப் பிரித்து உள்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்தார். ஒன்றல்ல, அட்டை நிறைய. சட்டைப் பையிலிருந்து சிவப்பு, நீலம் இரண்டு பேனா எடுத்தார்.

"சார், நீங்க எந்த மிருகத்துல வேலை பாக்குறீங்க?"

"ஈ," என்றார் இவர். அவ்வளவு மெதுவாக அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"உங்க ஈல பொண்ணுக்கு ரெண்டு X-ம் எல்லா செல்லுலயும் வேலை செய்யும். ஒண்ணு கெட்டாலும் ஒவ்வொரு செல்லுலயும் பாதிச் சரக்கு இருக்கும். புழுவுலயும் அதேதான், ரெண்டும் தணிஞ்சு எரியும், ஆனா ரெண்டும் எரியும். நம்மள்ல அப்படி இல்ல. செல்லுக்கு செல் பாதி கிடையாது. ஒரு செல்லுல முழுசு, இன்னொரு செல்லுல சுத்தமா ஒண்ணும் இல்ல." நல்ல X எரிகிற வட்டங்களை நீலத்தால் நிரப்பினார், கெட்டது எரிகிறவற்றைச் சிவப்பால்.

"அது தெரியும்," என்றார் இவர். "பாடமே எழுதியிருக்கேன். ஆனா குருட்டாம்போக்குலதானே அணையுது. இத்தன கோடி செல்லு. சராசரி பாதிக்குத்தானே வரும்?"

"அணையறப்ப கோடி இல்ல சார். கரு ஒரு சின்ன உருண்டையா இருக்கிறப்பவே ஒவ்வொரு செல்லும் எதை அணைக்கிறதுன்னு முடிவு பண்ணிடுது. அப்புறம் அது பெத்த பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் அதையே அணைச்சு வெச்சிருக்கும். அதுல கொஞ்சம் செல்லுங்கதான் ஈரலா ஆகப்போகுது. அந்தக் கொஞ்சத்துல முக்காவாசி நல்லதை அணைச்ச கூட்டமா அமைஞ்சுபோனா, ஈரல் முக்காவாசி சிவப்பு." சிவப்புப் பேனா வட்டம் வட்டமாக ஓடியது. "ரத்தம் வேற கூட்டம். அங்க பாதிப் பாதின்னா ஈரலும் பாதிப் பாதின்னு அர்த்தம் இல்ல. சாதாரண நாள்ல மிச்சம் இருக்கிற நீலம் சமாளிச்சுடும். சாப்பிடாம காய்ச்சல்ல கெடந்தா உடம்பு தன் தசையவே ஒடச்சுத் திங்கும், அந்தச் சுமைய அதால தாங்க முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மிருகத்துக்கு ஒரு செல், எல்லாம் ஒரே நிறம். அப்படி வரைந்தால் மூன்று வட்டமும் ஒரே பதில்தான் சொல்லும். பாதி என்பதற்கு ஈயும் புழுவும் சொல்கிற பொருள் வேறு, என் மகள் உடம்பு சொல்கிற பொருள் வேறு. அத்தனை கரைத்துக் குடித்த மனுஷன், பாடத்தில் மனுஷி என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பெற்ற பெண்ணை ஈயாகப் பார்த்துவிட்டார். எனக்குக் கோபம் என்றால் அப்படிக் கோபம். அந்த அட்டையைப் பிடுங்கி அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அவர் முகம் ஏற்கெனவே அடி வாங்கினது போலத்தான் இருந்தது.

அண்ணி அன்று மத்தியானம் வந்தார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து, "என் மருமக எழுந்ததும் என்னத்தத் தான் கேக்கப்போறாளோ," என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன் டாக்டர் பேனாவத் தொறந்தானாமே. நீ ஏன்டா மூட வெச்ச?" என்று கேட்டார். நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார்.

அம்மோனியா இறங்கியது. வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு நாள் கண் திறந்தாள். மருத்துவமனையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் பட்டேன். கையைத் தூக்கினால் தூக்கினபடி இருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை, சத்தம் எங்கிருந்து வந்தாலும் ஒரே பக்கம் பார்த்தாள். பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பொறுத்துப் பார்த்தோம். ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை.

"மூளையில போனத என்னால கொண்டுவர முடியாது," என்றார் டாக்டரம்மா, எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு. "இன்னொரு தடவ அம்மோனியா ஏறினா மிஞ்சினதும் போயிடும். ஈரலை மாத்திட்டா அந்தப் பயம் இருக்காது."

"என்னோடத எடுத்துக்குங்க," என்றேன்.

"உங்களோடது வேண்டாம்மா. உங்க ஈரலும் கலப்படம்தான். இத்தன நாள் ஒண்ணும் ஆகலன்னா, உங்க செல்லுங்க கெட்டத அணைச்ச அதிர்ஷ்டம். அத நம்பி அறுத்துக் குடுக்க முடியாது."

அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை, கெட்ட X-ஐ மட்டும் பத்திரமாகக் கொடுத்திருக்கிறேன். இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் பெற்ற வயிறு எரியாமல் இருக்குமா?

இவருடைய ஈரலில் ஒரு துண்டை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். அதில் எல்லாச் செல்லிலும் ஒரே ஒரு X, நல்லது, எரிகிற அடுப்பு. வெட்டி எடுத்த அவளுடைய பழைய ஈரலை மெல்லிய சீவலாகச் சீவி, அந்த நொதி இருக்கிற இடம் பழுப்பாகத் தெரிகிற மாதிரிச் சாயமிட்டுப் பார்த்தார்கள். இவர் காயம் ஆறாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போய், அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நானும் கூடப் போனேன். உருப்பெருக்கியில் கண்ணை வைத்தேன். வெளிறிப் பரந்த தரை, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புத் திட்டு. படம் வரைகிற எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"வெளுத்திருக்கிற செல்லு ஒவ்வொண்ணுலயும் நான் குடுத்தது இருக்கு," என்றார். "உள்ளேயே இருக்கு. முழுசா இருக்கு. ஒரு பழுதும் இல்ல. போத்திக்கிட்டுச் சும்மா கெடக்கு."

"வாங்க போகலாம்."

"எழுப்ப ஒரு வழி இல்லயே. நம்ம ஈல இது தூங்கவே தூங்காது."

"இன்னமும் ஈயா?" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, அந்த அறையிலிருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். "அவ மனுஷப் பொண்ணுங்க. அத அன்னிக்கு அந்த ஆலோசகர் சொல்ல வந்தாரு. இன்னிக்கு நீங்க சாயம் போட்டுப் பாக்குறீங்க."

அவர் அழுதார். தையல் இழுத்திருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து அழுதார். நான் தொடவில்லை. தொட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து நெடுநாள் ஆகிறது. இவர் வேலைக்குப் போகிறார், அண்ணியும் போகிறார். அண்ணி தினமும் சாயந்திரம் வந்து அவளுக்குக் கதை சொல்கிறார், அவளே கேள்வி கேட்டதாகப் பாவித்து அவரே பதிலும் சொல்கிறார். அம்மோனியா ஒவ்வொரு சோதனையிலும் சரியாக இருக்கிறது. தாளைப் பார்த்துவிட்டு டாக்டர்கள், "அருமை," என்கிறார்கள்.

நடக்கப் பழகியிருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. போன மாதம் சிரிக்க ஆரம்பித்தாள். இவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, கதவோரம் நின்று வாய் நிறையச் சிரித்தாள். இவர் பையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைத் தெரியுது! பாருடி, அப்பாவத் தெரியுது அவளுக்கு!" என்று கத்தினார். நான் ஆமாம் என்றேன்.

அன்று மத்தியானமே, இவர் வருவதற்கு முன், மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். முன்பின் தெரியாத ஆள். அவரைப் பார்த்தும் அவள் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி வாய் நிறையச் சிரித்தாள். அதை நான் இவரிடம் சொல்லவில்லை.